கண் பரிசோதனையில் 6/6 வந்தது. ஆனாலும் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம், எப்படி?

குனிந்து காலணி வாரை மாட்டுகிறீர்கள். நிமிரும்போது ஒரு கண்ணில், சில சமயம் இரண்டிலும், யாரோ விளக்கை அணைத்ததுபோல் இருட்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் பார்வை திரும்பிவிடுகிறது. "பிரஷர் லோ ஆயிருக்கும்", "காலையில சாப்பிடல, அதான்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

ஆனால் சில வாரங்களாகத் தலைவலியும் கூடவே இருக்கிறது என்றால், அதை மறந்துவிடக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து வரும்போது மருத்துவர்கள் முதலில் பார்க்க விரும்புவது கண்ணின் பின்புறத்தில் உள்ள பார்வை நரம்பு வட்டைத்தான். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் அந்தச் சிறிய வட்டம் வீங்கியிருந்தால், மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படி அழுத்தத்தால் வரும் வட்டு வீக்கத்துக்கு பாப்பிலெடிமா என்று பெயர்.

மண்டைக்குள் நடப்பது கண்ணில் ஏன் தெரிகிறது?

மூளையைச் சுற்றி நீர் இருக்கிறது. அதை மூளைநீர் என்றே வைத்துக்கொள்வோம். மூளையை மூடியிருக்கும் உறை மூளையோடு முடிந்துவிடுவதில்லை. பார்வை நரம்பையும் ஒரு குழாய்போலப் போர்த்தியபடி கண்ணின் பின்புறம் வரை வருகிறது. அந்தக் குழாய்க்குள்ளும் அதே நீர்தான். உள்ளே அழுத்தம் ஏறினால், அது நேராக நரம்பின் கழுத்தை நெரிக்கும்.

இது ஊகமாக இருந்த காலமும் உண்டு. பஞ்சாபில் பிறந்து லண்டனில் ஆய்வு செய்த கண் மருத்துவர் சோகன் சிங் ஹேரே, 1960-களில் குரங்குகளில் செய்த சோதனைகளில் இதைக் காட்டினார். மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றியபோது வட்டு வீங்கியது. ஒரு பக்க நரம்பின் உறையைத் திறந்துவிட்டபோது, அந்தப் பக்கத்தில் வீக்கம் அடங்கியது. இன்றும் சில நோயாளிகளுக்கு பார்வையைக் காப்பாற்ற அந்த உறையில் சிறு திறப்பு போடும் அறுவை சிகிச்சை நடக்கிறது.

நரம்பு என்பது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழைக்குள்ளும் கண்ணிலிருந்து மூளைக்குச் சரக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கழுத்து நெரிபடும்போது சரக்கு தேங்குகிறது, இழைகள் ஊதுகின்றன. அதுதான் வீக்கம். ஊதிய இழைகள் பக்கத்து ரத்தக் குழாய்களையும் நெருக்கும். குனியும்போதோ எழும்போதோ ரத்த ஓட்டம் ஒரு நொடி தடுமாறினால் போதும், கண் இருட்டிவிடும். சில நொடி இருட்டுக்குக் காரணம் இதுதான் என்று கருதப்படுகிறது.

எல்லா இருட்டும் ஒன்றல்ல

இங்கே நேரத்தைக் கவனியுங்கள். பாப்பிலெடிமாவில் வரும் இருட்டு பெரும்பாலும் சில நொடிகள். ஒரு நிமிடத்தைத் தாண்டுவது அரிது. ஒரு நாளில் பல தடவை வரலாம். ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் நெளிகோடுகளும் மினுக்கமும் ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை மெல்லப் படரும். ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் பல நிமிடங்கள் பார்வை போனால், அது பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். அதற்கு உடனே மருத்துவமனை. எழுந்ததும் தலை சுற்றி, கால் தள்ளாடி, இரண்டு கண்ணும் மங்கினால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கக்கூடும்.

இன்னொரு துப்பு காதில் இருக்கிறது. இரவில் தலையணையில் சாயும்போது, இதயத் துடிப்போடு சேர்ந்து "உஷ்… உஷ்…" என்று காதுக்குள் ஒலி கேட்கும். பலர் இதைத் தாங்களாகச் சொல்வதே இல்லை. கண் டாக்டரிடம் காதைப் பற்றி யார் சொல்வார்கள்? சிலருக்குத் தூரத்தில் பார்க்கும்போது ஒன்று இரண்டாகத் தெரியும். கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசையின் நரம்பு, அழுத்தத்தால் சோர்ந்துபோவதுதான் காரணம்.

இரண்டாவது பினாங்கு பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடியில் சுமார் 22 மீட்டர் கடக்கிறார். ஐந்து நொடி இருட்டு என்றால் 110 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஆகவே காரணம் தெரியும் வரை, வேலைக்குப் போக வேறொருவரின் வண்டியில் ஏறிக்கொள்வது நல்லது.

பத்து காவானில் ஓர் உதாரணம்

விஷயம் புரிய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இவர் உண்மையான நபர் அல்ல. ஆனால் இவரைப் பற்றிச் சொல்லும் எண்கள் இந்த நோயில் வழக்கமாகக் காணக்கூடியவை. வயது 28. பத்து காவான் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. நாள் முழுக்க உருப்பெருக்கி வழியாகச் சிறு பாகங்களைச் சரிபார்ப்பவர். ஒரே வருடத்தில் எடை 12 கிலோ ஏறி 84 ஆகிவிட்டது. இரண்டு மாதமாகத் தலைவலி. காலையில் எழும்போது மோசம். பனடோல் போட்டும் போகவில்லை.

வேலைதான் கண்ணைக் கெடுக்கிறது என்று நினைத்து முதலில் கண்ணாடிக் கடைக்குப் போகிறார். எழுத்துப் பலகையில் கடைசி வரிசை வரை வாசித்துவிடுகிறார்: இரு கண்ணும் 6/6. காற்றை ஊதிக் கண் அழுத்தத்தையும் பார்க்கிறார்கள். 15 வருகிறது, அதுவும் இயல்பு. "கண்ணு நல்லாதான் இருக்கு" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இங்கே இரண்டு ஏமாற்றங்கள் இருக்கின்றன. கண்ணின் அழுத்தம் வேறு, மண்டையின் அழுத்தம் வேறு. முந்தையது கண் உருண்டைக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். அது இயல்பாக இருக்கும்போதே மண்டைக்குள் இரு மடங்கு ஏறியிருக்க முடியும். இரண்டாவது, எழுத்துப் பலகை சோதிப்பது பார்வையின் நட்ட நடுப்புள்ளியை மட்டும். பாப்பிலெடிமா பெரும்பாலும் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். நடுப்பார்வை கடைசியில்தான் போகும். 6/6 என்பது வீட்டின் நடுக்கூடம் எரியவில்லை என்று சொல்வதுபோல. கூரையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கண்ணின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்ப்பது சிறந்தது. படம் எடுக்கும் கருவியும் உதவும். ஆனால் எடுத்த படத்தைப் பார்க்கவும் வேண்டும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் 2012 பிப்ரவரியில் ஒரு சிறுவனுக்கு வழக்கமான கண் பரிசோதனை நடந்தது. அன்று எடுத்த விழித்திரைப் படங்களில் வட்டு வீக்கம் தெரிந்தது, ஆனால் கவனிக்கப்படவில்லை. ஐந்து மாதம் கழித்து, எட்டு வயதில், மூளையில் நீர் கோத்து அவன் இறந்தான். பரிசோதித்தவர் மீதான மரணம் விளைவித்த குற்றத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் ரத்து செய்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் படம் கணினியில் இருந்தது என்பதுதான் உறைக்கிறது.

நம் உதாரணத்துக்கு வருவோம். மூன்றாவது தடவை போனபோது ஒருவர் படம் எடுத்துப் பார்க்கிறார். வட்டின் விளிம்பு மங்கி, சுற்றிலும் சாம்பல் நிற வளையம். அதைக் கடந்து போகும் ரத்தக் குழாய்கள் ஆங்காங்கே வீக்கத்தில் மூழ்கி மறைகின்றன. சுவீடனின் லார்ஸ் ஃபிரிசேன் 1982-இல் வகுத்த 0 முதல் 5 வரையான அளவில் இது மூன்றாம் படி. அன்றைக்கே கடிதம் எழுதி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

முதலில் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சாதாரணமாகத் தோன்றும் இதை விட்டுவிடக் கூடாது. ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறினாலும் வட்டு வீங்கும், அதற்கு வைத்தியமே வேறு.

அடுத்து ஸ்கேன். கட்டி, நீர்க்கோவை, ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று உறுதியாக வேண்டும். இதோடு மூளையின் சிரைகளையும் தனியாகப் படம் எடுக்கச் சொல்வார்கள். மூளையிலிருந்து ரத்தத்தை வடியவைக்கும் பெரிய சிரையில் உறைகட்டி அடைத்தாலும் அழுத்தம் இப்படியே ஏறும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களிடமும், பிரசவம் முடிந்த சில வாரங்களிலும் இந்த ஆபத்து கூடுதல். சாதாரண ஸ்கேனில் இது தப்பிவிடலாம். "சிரைகளையும் பார்த்தாச்சா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஸ்கேனில் தடை இல்லை என்றால் இடுப்புப் பகுதி முதுகில் ஊசி போட்டு மூளைநீரின் அழுத்தத்தை அளப்பார்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து அளக்க வேண்டும். உட்கார்ந்தபடி எடுத்த எண் கூடுதலாகக் காட்டும். பெரியவர்களுக்கு 250 மில்லிமீட்டர் நீர் அளவு எல்லைக்கோடு. நம் உதாரணப் பெண்ணுக்கு 340. எடுத்த நீரில் கிருமியோ அழற்சியோ இல்லை. காரணம் எதுவும் பிடிபடாமல் அழுத்தம் மட்டும் ஏறும் இந்த நிலை, உடல் எடை கூடிய இளம் பெண்களிடமே அதிகம் வருகிறது.

மருந்துப் பட்டியலையும் ஒரு தடவை பார்ப்பார்கள். முகப்பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் போன்ற மாத்திரைகளும், வைட்டமின் ஏ வகை மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். முகப்பரு மாத்திரையை யாரும் தலைவலியோடு சேர்த்து நினைப்பதில்லை. வாங்கிய பாக்கெட்டையே கையில் எடுத்துப் போங்கள்.

மூன்று எண்கள்

இனிமேல்தான் கண் பரிசோதனைகளின் உண்மையான வேலை. ஒவ்வொரு தடவையும் முதுகில் ஊசி போட்டுக்கொண்டிருக்க முடியாது. அழுத்தம் மணிக்கு மணி மாறவும் செய்யும். நமக்குத் தெரிய வேண்டியது பார்வை பிழைக்கிறதா என்பது. அதற்குத்தான் கண்.

முதல் எண், ஓசிடி என்ற கருவியில் வருவது. ஒளியால் விழித்திரையை அடுக்கடுக்காக அளக்கும் கருவி இது. வலிக்காது, சில நொடி வேலை. வட்டைச் சுற்றிய நரம்பிழை அடுக்கின் தடிமனைக் காட்டும். இயல்பில் சுமார் 100 மைக்ரான் அல்லது கொஞ்சம் குறைவு. நம் பெண்ணுக்கு வலது கண்ணில் 260.

இரண்டாவது, பார்வைப் புலச் சோதனை. கிண்ணம் போன்ற திரைக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்த்தபடி, ஓரத்தில் எங்கே ஒளிப்பொட்டு மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். எல்லோருக்கும் உள்ள இயற்கையான குருட்டுப் புள்ளி, வட்டு வீங்கினால் பெரிதாகும். கூடவே மூக்குப் பக்க ஓரம் குறையும். மொத்த இழப்பைக் கருவி ஒரே எண்ணாகச் சொல்லும்: பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் இயல்பு, கழித்தல் பக்கம் போகப் போக இழப்பு. இவருக்கு −5 டெசிபல். தூக்கக் கலக்கத்தோடு, இரவு ஷிப்ட் முடிந்த கையோடு போய் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். எண் மோசமாக வரும், அதைப் பார்த்து மருந்தைக் கூட்டக்கூடும்.

மூன்றாவது எண்ணைப் பற்றி நோயாளிகளிடம் அதிகம் பேசுவதில்லை. விழித்திரையின் நடுப்பகுதியில் நரம்பு செல்கள் இருக்கும் அடுக்கின் தடிமன் அது. நரம்பிழைகளின் வேர் அங்கேதான். இவருக்கு 82 மைக்ரான், இயல்பு.

வீக்கம் குறைந்தால் நல்ல செய்தியா?

உப்பைக் குறைத்து எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். அசெட்டசோலமைட் மாத்திரை கொடுக்கிறார்கள். மூளைநீர் உற்பத்தியைக் குறைக்கும் மருந்து இது. கண் நீர் அழுத்த நோய்க்கும் இதையே கொடுப்பதால் சிலர் தமக்கு கிளாக்கோமா என்று நினைத்துக்கொள்கிறார்கள். விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் மதமதப்பு வரும், குளிர்பானத்தின் சுவை மாறும். இரண்டும் எதிர்பார்க்கக்கூடியவை. சிறுநீரகக் கல் இருந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருந்து உண்மையில் உதவுகிறதா என்று வட அமெரிக்காவில் 165 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. இரு குழுவும் எடை குறைக்கும் உணவுமுறையைப் பின்பற்றின. ஆறு மாதத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களின் பார்வைப் புலம் 1.43 டெசிபலும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுடையது 0.71 டெசிபலும் தேறியது. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் எடைக் குறைப்பு மட்டுமேகூட ஏதோ செய்கிறது என்பதும் அதில் தெரிகிறது.

மூன்று மாதம் கழித்து நம் பெண்ணின் எண்கள்: எடை 79, நரம்பிழை அடுக்கு 260-லிருந்து 125, பார்வைப் புலம் −5-லிருந்து −2, செல் அடுக்கு 81. இருட்டு வருவதும் நின்றுவிட்டது. இது தேறுதல்.

இப்போது இன்னொருவரை வைத்துப் பாருங்கள். தொடக்க எண்கள் அதேதான். மதமதப்பு பிடிக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார், லீவு கிடைக்காமல் ஐந்து மாதம் மருத்துவமனைக்கு வரவில்லை. வந்தபோது நரம்பிழை அடுக்கு 110. முதலாமவரைவிட நன்றாக இருக்கிறதே! இருட்டும் வருவதில்லை. எழுத்துப் பலகையில் 6/9. "சரியாயிடுச்சு டாக்டர்" என்கிறார். ஆனால் பார்வைப் புலம் −14. செல் அடுக்கு 82-லிருந்து 61-க்கு மெலிந்துவிட்டது. வட்டு வெளிறிப்போயிருக்கிறது.

செத்த இழை ஊதாது. அதனால் அழுத்தம் அப்படியே இருந்தாலும் வீக்கம் வற்றும். முதல் எண்ணை மட்டும் பார்த்தால் தேறிய கண்ணையும் அழிந்த கண்ணையும் வேறுபடுத்த முடியாது. மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். மெலிந்த செல் அடுக்கு திரும்ப வளராது. என் கருத்தில், நோயாளி கையில் இருக்க வேண்டிய தாள் இதுதான்: தேதி போட்டு, மூன்று எண்ணும், எடையும். மருத்துவமனை மாறினாலும் அது கூடவே போகும்.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு

வீக்கம் மிக அதிகமாக இருக்கும்போது ஓசிடி கருவி அடுக்குகளின் கோட்டைத் தவறான இடத்தில் போட்டுவிடும். அந்த நாளின் எண்ணை நம்ப முடியாது, படத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே வட்டு மேடாக இருக்கும், அல்லது அதற்குள் சுண்ணாம்புத் துகள்கள் புதைந்திருக்கும். பார்வைக்கு வீக்கம்போலத் தோன்றும் இவர்களுக்கு மண்டை அழுத்தம் இயல்புதான். அல்ட்ராசவுண்டில் அந்தத் துகள்கள் வெள்ளையாகப் பளிச்சிடும். இதைப் பார்க்காமலே முதுகில் ஊசி வரை போனவர்கள் உண்டு.

கண், அழுத்தமானியும் அல்ல. அழுத்தம் ஏறிச் சில நாள் கழித்தே வட்டு வீங்கும். இறங்கிய பிறகும் வீக்கம் வற்ற வாரக்கணக்கில் ஆகும். தலைவலியோ தன் போக்கில் போகும். வட்டு முழுக்கத் தட்டையான பிறகும் தலைவலி தொடரலாம். மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை போட்டு, அந்த மாத்திரையாலேயே வரும் தலைவலியும் இதில் கலந்துவிடும். ஆகவே தலைவலி நின்றது என்று கண் பரிசோதனையை நிறுத்தவும் கூடாது, தலைவலி இருக்கிறது என்று மருந்தை ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது.

எப்போது ஓட வேண்டும்?

நாளுக்கு நாள் பார்வை மங்கினால், ஒரு பக்கம் கறுப்பாகவே நின்றுவிட்டால், தலைவலியோடு காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருந்தால், வலிப்பு வந்தால், கை கால் மரத்துப்போனால் கண்ணாடிக் கடைக்கோ பக்கத்து கிளினிக்குக்கோ போகாமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். செபராங் ஜெயாவோ ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு மருத்துவமனையோ, கிட்ட இருப்பது எதுவோ அது. சிலருக்கு ஒரு வாரத்துக்குள்ளேயே பார்வை போய்விடும். அப்போது மாத்திரைக்குக் காத்திருக்காமல், நீரை வடியவிடும் குழாய் வைப்பார்கள் அல்லது நரம்பின் உறையைத் திறப்பார்கள்.

அவ்வளவு அவசரம் இல்லாமல், குனிந்தால் நொடி இருட்டும் தலைவலியும் மட்டும் இருந்தால், அன்றைக்கே ஒரு கிளினிக்கில் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணின் பின்புறத்தைப் பார்க்கணும், நரம்பு வீங்கியிருக்கான்னு தெரியணும்" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். வெறும் "கண் மங்குது" என்றால் கண்ணாடிக்கு எழுதிக்கொடுப்பார்கள். இருட்டு எத்தனை நொடி, ஒரு நாளில் எத்தனை தடவை, எந்தக் கண், காதில் ஒலி உண்டா, கடந்த ஒரு வருடத்தில் எடை எவ்வளவு ஏறியது என்ற ஐந்தையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போனால், மருத்துவர் பாதி வேலையை அங்கேயே முடித்துவிடுவார்.